ஜெயிக்கப் போகும் வழக்கு ஏன் கணக்கில் ஏறுவதில்லை?

கேள்வி:

ஐயா, நாங்கள் மூன்று பேர் முதல் போட்டு மோட்டார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். நாங்கள் விற்ற மோட்டார்கள் எரிந்துபோனதாகச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் 40 லட்சம் கேட்டு எங்கள் மீது வழக்குப் போட்டிருக்கிறார். பழுதான செம்புக் கம்பியைத் தந்தவர் மீது நாங்கள் 50 லட்சம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறோம். முதல் வழக்கில் நாங்கள் தோற்க 60 சதவீத வாய்ப்பு, இரண்டாவதில் ஜெயிக்க 80 சதவீத வாய்ப்பு என்கிறார் எங்கள் வழக்கறிஞர். ஆடிட்டரோ 40 லட்சத்தை இந்த ஆண்டே செலவாக எழுதச் சொல்கிறார். 50 லட்சத்தைத் தொடவே விடவில்லை. 60 லட்சமாக இருந்த லாபம் 20 லட்சமாகிவிட்டது. வாய்ப்பு குறைந்த நட்டம் கணக்கில் ஏறுகிறது, வாய்ப்பு அதிகமான வரவு ஏறுவதில்லை. இதில் என்ன நியாயம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஆடிட்டர் செய்தது சரி. ஆனால் "விதி அப்படித்தான்" என்று அவர் சொல்லி முடித்திருந்தால் உங்கள் கோபமும் சரிதான். விதிக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. அதை உங்கள் இரண்டு வழக்குகளை வைத்தே விளக்கலாம்.

முதலில் விதி. 1998-இல் வெளியான ஐ.ஏ.எஸ். 37 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலைதான் இந்த விஷயத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு அடிப்படை. அது நட்டத்துக்கு ஓர் எல்லைக்கோடும் வரவுக்கு வேறோர் எல்லைக்கோடும் போடுகிறது. ஏற்கெனவே நடந்துவிட்ட ஒரு செயலால் உங்களுக்குக் கடமை உண்டாகியிருக்க வேண்டும். பணம் வெளியே போகும் வாய்ப்பு போகாமலிருக்கும் வாய்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். தொகையை நம்பத்தகுந்த வகையில் மதிப்பிட முடிய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் நட்டத்துக்கான ஒதுக்கீட்டை எழுதியே தீர வேண்டும். அதாவது பாதியைத் தாண்டினால் போதும். வரவுக்கோ அந்தக் கோடு மிக உயரத்தில் இருக்கிறது. பணம் வருவது ஏறக்குறைய நிச்சயம் என்ற நிலை வரும்வரை அதைச் சொத்தாக எழுதக் கூடாது. அந்த நிலைக்குத் தரநிலை எந்தச் சதவீதமும் குறிப்பிடவில்லை. ஆனால் இன்னும் வாதம் முடியாத வழக்கில் 80 என்பதை ஏறக்குறைய நிச்சயம் என்று எந்த ஆடிட்டரும் ஏற்கமாட்டார். ஆகவே உங்கள் 60 ஒரு கோட்டைத் தாண்டிவிட்டது. உங்கள் 80 இன்னொரு கோட்டை எட்டவில்லை. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதால்தான் அநியாயம் போலத் தெரிகிறது.

ஏன் இரண்டு கோடுகள்? அந்த 60-உம் 80-உம் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். இரண்டையும் சொன்னவர் உங்கள் வழக்கறிஞர். 80 சதவீதம் ஜெயிப்போம் என்று அவர் சொல்லும்போது உங்களுக்குச் சாதகமானதைச் சொல்கிறார். அதே கோப்பைக் கம்பி விற்றவரின் வழக்கறிஞரிடம் கொடுத்துப் பாருங்கள். அவரும் தம் கட்சிக்காரர் ஜெயிக்கவே அதிக வாய்ப்பு என்று சொல்வார். பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. ஒரு பக்கத்து ஆவணங்களையே திரும்பத் திரும்பப் படிப்பவருக்கு அந்தப் பக்கம் வலுவாகத் தெரிவது இயல்பு. 60 சதவீதம் தோற்போம் என்பது அப்படிப்பட்ட வாக்கு அல்ல. தம் கட்சிக்காரருக்கு எதிராக, தாமே நடத்தும் வழக்கைப் பற்றி ஒருவர் சொல்லும் வாக்கு அது. அவருக்குச் சாய்வு இருந்தால் நட்டத்தைக் குறைத்துச் சொல்லும் பக்கம்தான் சாய்ந்திருப்பார். அப்படியும் 60 என்கிறார் என்றால் அதற்கு எடை அதிகம்.

கணக்கை எழுதுபவருக்கும் இதே சாய்வு உண்டு. நிறுவனத்தை நடத்துபவர்தான் கணக்கைத் தயாரிக்கிறார். நல்ல செய்தியைச் சீக்கிரம் சொல்ல அவருக்குக் காரணங்கள் பல: போனஸ், பங்காதாயம், வங்கியிடம் நல்ல பெயர். கெட்ட செய்தியைத் தள்ளிப்போடவும் அதே காரணங்கள். இரண்டுக்கும் ஒரே ஆதாரம் போதும் என்று விதி இருந்தால் ஐந்தொகை மெல்ல மெல்ல நம்பிக்கைகளின் பட்டியலாகிவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத கடன் கொடுத்தவரும் சிறு பங்குதாரரும் அதைத்தான் நம்பி உட்கார்ந்திருப்பார்கள். நல்ல செய்திக்குக் கடுமையான ஆதாரம் கேட்பது அந்தச் சாய்வுக்கு எதிராக வைத்த எடைக்கல்.

இரண்டாவது காரணம் பணம். லாபம் என்ற எண்ணைப் பார்த்துத்தான் பங்காதாயம் பிரிக்கிறார்கள், போனஸ் தருகிறார்கள். பல கடன் ஒப்பந்தங்களில் வங்கி வைக்கும் நிபந்தனைகளும் அந்த எண்ணை ஒட்டியவையே. வெளியே போன பணம் எண்ணைத் திருத்தியதும் திரும்பி வந்துவிடாது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வழக்குகள் தவிர இந்த ஆண்டு லாபம் 60. எல்லாம் லட்சத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விரும்பியபடி எழுதினால் 40 கழிந்து 50 கூடி லாபம் 70 ஆகிறது. மூவரும் அதில் 50-ஐப் பிரித்துக்கொள்கிறீர்கள் என்று வைப்போம். அடுத்த ஆண்டு வாடிக்கையாளர் ஜெயித்துவிட்டார், உங்கள் வழக்கும் தோற்றுவிட்டது. 80 சதவீத வாய்ப்பு என்றால் ஐந்தில் ஒரு முறை உங்கள் வழக்கு தோற்கத்தான் செய்யும். உண்மையில் நீங்கள் சம்பாதித்தது 60-இலிருந்து 40 போக 20 மட்டுமே. பிரித்துக்கொண்டது 50. இடையில் இருக்கும் 30 நிறுவனத்தின் முதலிலிருந்து போய்விட்டது. வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய 40-க்குக் கடன் தேடி அலைய வேண்டும். அந்த நேரத்தில் கணக்கில் 50 நட்டம் வேறு எழுத வேண்டும். வங்கிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது ஆடிட்டர் சொன்னபடி எழுதிப் பாருங்கள். இந்த ஆண்டு லாபம் 20. பிரித்தாலும் அந்த 20-க்குள்தான் பிரிப்பீர்கள். அடுத்த ஆண்டு இரண்டிலும் தோற்றால் 40-ஐக் கட்டுகிறீர்கள், லாப நட்டக் கணக்கில் புதிதாக எந்த அடியும் விழாது. கம்பி வழக்கில் ஜெயித்தால் 50 அடுத்த ஆண்டு வருமானமாக வரும். இரண்டு ஆண்டுகளையும் கூட்டிப் பாருங்கள்: 20-உம் 50-உம் சேர்ந்து 70. நீங்கள் முதலில் கேட்ட அதே 70. ஜெயித்தால் உங்களுக்கு நட்டம் எதுவுமில்லை, ஓர் ஆண்டுக் காத்திருப்புதான். தோற்றால் மட்டுமே இரண்டு வழிகளுக்கும் வித்தியாசம் தெரிகிறது, அந்த வித்தியாசம் பெரிது.

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு வந்திருக்கும். 60 சதவீத வாய்ப்புதானே, 40-இல் 60 சதவீதமாக 24-ஐ மட்டும் எழுதக் கூடாதா? கூடாது. இது ஒரே ஒரு வழக்கு. ஒன்று 40 கட்டுவீர்கள், இல்லையென்றால் ஒன்றும் கட்டமாட்டீர்கள். 24 கட்டும் நாள் வரவே வராது. ஒற்றைக் கடமை என்றால் பெரும்பாலும் எது நடக்கும் என்று பார்த்து அந்தத் தொகையை எழுதுவதே வழக்கம். சராசரி எடுக்கும் முறைக்கு வேறு இடம் உண்டு. ஆயிரக்கணக்கான மோட்டார்களுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தால் அவற்றில் எத்தனை திரும்பி வரும், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவாகும் என்று வாய்ப்புகளைப் பெருக்கிக் கூட்டி எழுதலாம். அங்கே சராசரி உண்மையாகவே நடக்கும். தொகை 30-க்கும் 50-க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்றால் சர்வதேசத் தரநிலை நடுப்புள்ளியான 40-ஐ எழுதச் சொல்கிறது. அமெரிக்க விதியோ குறைந்த எல்லையான 30-ஐ எழுதச் சொல்கிறது. நட்டத்தைச் சீக்கிரமும் வரவைத் தாமதமாகவும் எழுதும் இந்த முன்னெச்சரிக்கையைப் பற்றி இரண்டு தரப்பும் பேசினாலும் அளவு ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

முன்னெச்சரிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. ஆடிட்டர்கள் இதை வற்புறுத்திச் சொல்வது குறைவு என்பது என் வருத்தம். உங்கள் ஆடிட்டர் 40 எழுதச் சொன்னார். "எதற்கும் இருக்கட்டும், 55 எழுதிவிடுவோம்" என்று உங்களில் ஒருவர் சொன்னால் அதுவும் அதே அளவு தவறு. அந்த 15 எங்கும் போகாது. ஒதுக்கீட்டுக்குள் பதுங்கியிருக்கும். லாபம் குறைந்த ஓர் ஆண்டில் "ஒதுக்கீடு தேவைப்படவில்லை" என்று சொல்லி அதை வெளியே எடுத்தால் மோசமான ஆண்டு நல்ல ஆண்டாகத் தெரியும். இந்த ஆண்டுக் கணக்கைப் பார்ப்பவரையும் ஏமாற்றுகிறோம், அந்த ஆண்டுக் கணக்கைப் பார்ப்பவரையும் ஏமாற்றுகிறோம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையத்தின் தலைவராக இருந்த ஆர்தர் லெவிட் 1998-இல் ஆற்றிய உரையில் நிறுவனங்கள் லாபத்தை வளைக்கும் வழிகளைப் பட்டியலிட்டபோது, நல்ல காலத்தில் ஒதுக்கீட்டை ஊதிவைத்துக் கெட்ட காலத்தில் எடுத்துக்கொள்ளும் இந்த வழியும் அதில் இருந்தது. நட்டத்தைக் கூட்டிக் காட்டுவதெல்லாம் நேர்மை என்ற நினைப்பு ஆபத்தானது.

தரநிலைகளை எழுதுபவர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தது. சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியம் 2010-இல், தரநிலைகளுக்கெல்லாம் அடித்தளமான தன் கருத்துருச் சட்டகத்திலிருந்து முன்னெச்சரிக்கை என்பதையே எடுத்துவிட்டது. நடுநிலையோடு அது ஒத்துப்போகாது என்பது அப்போதைய வாதம். 2018-இல் திருப்பிச் சேர்த்தது, ஆனால் எச்சரிக்கையான தீர்ப்பு என்ற பொருளில் மட்டும். சொத்தையும் வருமானத்தையும் மிகைப்படுத்தக் கூடாது, கடனையும் செலவையும் குறைத்துக் காட்டக் கூடாது, அதேபோல் எதிர்த்திசையிலும் திரிக்கக் கூடாது என்று சேர்த்தே எழுதினார்கள். உங்கள் வழக்குகளில் தெரியும் ஏற்றத்தாழ்வு எல்லா இடத்துக்குமான பொது விதி அல்ல. குறிப்பிட்ட தரநிலைகளில் காரணத்தோடு வைக்கப்பட்டது. எனக்கு இந்த நிலைப்பாடு பிடித்திருக்கிறது.

ஒரு நிறுவனம் ஒதுக்கீட்டில் பதுக்குகிறதா என்று வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் ஒதுக்கீடுகளுக்கென ஒரு சிறு அட்டவணை இருக்கும். ஆண்டுத் தொடக்க இருப்பு, புதிதாகச் சேர்த்தது, பயன்படுத்தியது, பயன்படாமல் திருப்பி எழுதியது, இறுதி இருப்பு என்று வரிசைகள் வரும். நான்காவது வரிசையில் கண்ணை வையுங்கள். மதிப்பீடு என்றால் சில ஆண்டு கூடும், சில ஆண்டு குறையும். ஆண்டுதோறும் பெரிய தொகை பயன்படாமல் திரும்பி வந்தால், அதுவும் லாபம் தளர்ந்த ஆண்டுகளில் மட்டும் அதிகமாகத் திரும்பி வந்தால், முதலில் ஒதுக்கியதே தேவைக்கு மிஞ்சியது என்று சந்தேகிக்கலாம். கடன் கொடுக்கும் முன் நான் முதலில் புரட்டும் பக்கங்களில் இதுவும் ஒன்று.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 40-ஐ எழுதும் பதிவு எளிது: சட்டக் கோரிக்கைச் செலவு பற்று 40, சட்டக் கோரிக்கை ஒதுக்கீடு வரவு 40. செலவு லாப நட்டக் கணக்குக்கும் ஒதுக்கீடு ஐந்தொகையின் பொறுப்புகளுக்கும் போகும். பணம் இன்னும் வெளியே போகவில்லை. தீர்ப்பு வந்து கட்டும்போது ஒதுக்கீட்டைப் பற்று எழுதி வங்கியை வரவு எழுதுவீர்கள், லாபத்தை அது மறுபடி தொடாது. வழக்கில் நீங்களே ஜெயித்துவிட்டால் ஒதுக்கீட்டைத் திருப்பி எழுதலாம். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் தொகையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

50 கணக்கில் ஏறாது என்பதற்காக அதை மறைக்கவும் வேண்டியதில்லை. பணம் வரும் வாய்ப்பு வராத வாய்ப்பைவிட அதிகமாக இருப்பதால் குறிப்புகளில் அதைச் சொல்லியாக வேண்டும். இப்படி எழுதலாம்: "பழுதான மூலப்பொருள் வழங்கியமைக்காக ஒரு வழங்குநர் மீது நிறுவனம் 50 லட்சம் இழப்பீடு கோரி வழக்குத் தொடர்ந்துள்ளது. சட்ட ஆலோசனையின்படி கோரிக்கை வெற்றி பெறும் வாய்ப்பு தோல்வியடையும் வாய்ப்பைவிட அதிகம். தொகை பெறுவது நிச்சயமாகாததால் சொத்தாகக் கணக்கிடப்படவில்லை." வங்கிக்காரர் படிப்பார். ஐந்தொகையில் எண்ணாக ஏறினால் கிடைக்காத ஒரு நன்மை இதில் உண்டு: எவ்வளவு நம்புவது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். எதிர்த்தரப்பும் இதைப் படிக்கும் என்பதால் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். வெளியிடுவது வழக்கில் உங்கள் நிலையைக் கடுமையாகப் பாதிக்கும் என்றால் விவரங்களைக் குறைத்துப் பொதுவாக எழுதுவதற்கு மிக அரிதான சந்தர்ப்பங்களில் தரநிலை இடம் தருகிறது.

இரண்டு வழக்கும் ஒரே கம்பியிலிருந்து வந்தவைதானே, ஒன்றுக்கொன்று கழித்துவிடலாமே என்று தோன்றும். இதற்கும் விதி இருக்கிறது. நீங்கள் கட்டும் தொகையை வேறொருவர் ஈடுகட்டுவார் என்பது ஏறக்குறைய நிச்சயமானால் அதைச் சொத்தாக எழுதலாம். ஆனால் தனி வரியாக எழுத வேண்டும், ஒதுக்கீட்டின் தொகையைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 40 வரைதான். லாப நட்டக் கணக்கில் மட்டும் செலவையும் ஈட்டையும் கழித்து நிகரமாகக் காட்டலாம். இன்றைய நிலையில் வழங்குநர் எல்லாவற்றையும் மறுத்து வாதாடுகிறார், ஆகவே இந்த வழியும் திறக்காது. ஆனால் உங்கள் பொறுப்புக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பழுதான பொருளால் வரும் கோரிக்கை அதில் அடங்கியிருந்து, ஆண்டு முடிவதற்குள் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் கதை மாறுகிறது. அந்தக் கடிதத்தோடு ஆடிட்டரிடம் போங்கள். அவர் வழி விடுவார்.

தேதிகளையும் கவனியுங்கள். ஆண்டு முடிந்து, கணக்கில் கையெழுத்தாகும் முன் வாடிக்கையாளர் வழக்கில் வட்டியும் வழக்குச் செலவும் சேர்த்து 45 கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தால் முடிந்த ஆண்டின் ஒதுக்கீட்டையே 45 ஆகத் திருத்த வேண்டும். அந்தக் கடமை ஆண்டு முடிவிலேயே இருந்தது, தீர்ப்பு அதை உறுதிசெய்தது அவ்வளவே. அதே இடைவெளியில் கம்பி வழக்கில் நீங்கள் ஜெயித்தாலோ அந்த 50 முடிந்த ஆண்டுக்குள் போகாது. வரவு எந்தக் காலத்தில் ஏறக்குறைய நிச்சயமாகிறதோ அந்தக் காலத்தின் கணக்கில்தான் ஏறும்.

ஜெயித்த மறுநாளே எழுதிவிடலாமா என்றால் அதற்கும் அவசரப்படாதீர்கள். வழங்குநர் மேல்முறையீட்டுக்குப் போகலாம். போனால் தீர்ப்பு கையில் இருந்தாலும் நிச்சயம் கையில் இல்லை. மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும், அல்லது அவர் சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டாலும் கட்டும் வசதி அவருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நொடிந்துபோன நிறுவனத்தின் மீது வாங்கிய தீர்ப்பு 50-க்கு எழுதப்பட்டிருக்கலாம், வசூல் 10-ஆக இருக்கலாம். அந்த விசாரணையை வழக்கு நடக்கும்போதே தொடங்குங்கள். அவருடைய சமீபத்திய ஆண்டறிக்கை கிடைத்தால் வாங்கி, கடன் எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சமரசம் பேச உட்காரும் நாளில் எந்தத் தொகைக்கு இறங்கி வருவது என்று முடிவெடுக்கவும் அது உதவும்.